9 மில்லிமீட்டர் அட்டை

பிங்க் ஃபிளாய்ட் குழுவின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ இசைத்தட்டு 1973இல் வெளிவந்தது. அதன் அட்டை ஏறத்தாழ 31 சென்டிமீட்டர் சதுரம். கருப்புப் பின்னணி, நடுவில் ஒரு கண்ணாடி முப்பட்டகம். இடப்பக்கமிருந்து ஒரு வெள்ளை ஒளிக்கோடு அதற்குள் நுழைகிறது, வலப்பக்கம் ஆறு நிறங்களாகப் பிரிந்து வெளியேறுகிறது. குழுவின் பெயரும் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை. ஹிப்னோசிஸ் என்ற லண்டன் வடிவமைப்புக் கூடத்துக்காக ஜார்ஜ் ஹார்டி வரைந்த படம் அது. பின்னர் சிடி வந்தபோது அதே படம் 12 சென்டிமீட்டருக்கு இறங்கியது. இன்று செல்போனில் ஒரு பாட்டுப் பட்டியலைத் திறந்தால் அது சுமார் 9 மில்லிமீட்டர், நம் சுண்டுவிரல் நகத்தின் அகலம்தான். அகலத்தில் 34 பங்கு சுருங்கியிருக்கிறது. பரப்பளவில் பார்த்தால் ஆயிரம் பங்குக்கு மேல்.

ஆனாலும் அடையாளம் தெரிகிறது. எப்படித் தெரிகிறது என்று உற்றுப் பார்த்தால் ஒன்று புலப்படும். இடப்பக்கத்து வெள்ளைக் கோடு அந்த அளவில் கிட்டத்தட்ட இல்லாமலே போய்விடுகிறது. முப்பட்டகத்தின் கண்ணாடித் தன்மையும் போய்விடுகிறது. கருப்பில் ஒரு முக்கோணம், அதிலிருந்து கிளம்பும் ஒரு வண்ணப்பட்டை, இவ்வளவுதான் மிச்சம். போனவற்றை யாரும் தேடுவதில்லை.

பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ்’ (1967) அட்டையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பீட்டர் பிளேக்கும் ஜேன் ஹவொர்த்தும் சேர்ந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட பிரபலங்களின் உருவங்களை வரிசை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். இசைத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ‘இவர் யார், அவர் யார்’ என்று மணிக்கணக்கில் பார்க்கலாம். அதற்காகவே செய்த அட்டை அது. 9 மில்லிமீட்டரில் அத்தனை முகங்களும் பொரிக்கடலையைக் கொட்டிவைத்ததுபோல் ஆகிவிடுகின்றன. பளிச்சென்ற சீருடை அணிந்த நால்வரும் நடுவிலுள்ள முரசும்தான் ஓரளவு தாக்குப்பிடிக்கின்றன. இன்றும் பலர் அதைச் சட்டென்று கண்டுகொள்கிறார்கள் என்றால், அரை நூற்றாண்டாகப் பார்த்துப் பழகியதுதான் காரணம். நேற்றுத் தொடங்கிய பாட்காஸ்டுக்கு அந்த வசதி கிடையாது.

‘எளிமையாக வரையுங்கள்’ என்பது இதற்கு எல்லோரும் தரும் ஆலோசனை. அது பாதி உண்மைதான். வெறும் எளிமை பெரிய அளவில் வெறிச்சென்று இருக்கும். அதே படம்தான் வீட்டு டிவியில் பெரிய சதுரமாக வந்து நிற்கப்போகிறது. படம் சுருங்கும்போது எதெல்லாம் மறையலாம், எது மறையவே கூடாது என்பதை வரைகிறவர் முன்னாலேயே தீர்மானித்துவிட வேண்டும். மறைவது சத்தமில்லாமல் மறைய வேண்டும், மறையும்போது மற்றதைக் கெடுத்துவிட்டுப் போகக் கூடாது.

இது புரிய, படம் எப்படிச் சுருங்குகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் கேட்கும் முகப்புப் படம் குறைந்தது 1400 பிக்சல் சதுரம், அதிகபட்சம் 3000 பிக்சல் சதுரம். பெரும்பாலோர் 3000இல்தான் செய்கிறார்கள். நல்ல செல்போன் திரையில் அந்த 9 மில்லிமீட்டர் கட்டத்துக்குள் இருப்பது சுமார் 168 பிக்சல். ஆக, பெரிய படத்தில் 18க்கு 18, அதாவது 324 பிக்சல்கள் சேர்ந்து சின்னப் படத்தில் ஒரே ஒரு பிக்சல் ஆகின்றன. மென்பொருள் அந்த 324இன் நிறங்களையும் கலந்து ஒரு சராசரி நிறத்தை அங்கே வைக்கிறது. கருப்பின்மேல் 9 பிக்சல் தடிமனில் ஒரு வெள்ளைக் கோடு போட்டிருந்தால் அது இப்போது அரை பிக்சல். அரை பிக்சல் என்று ஒன்று கிடையாது. அதனால் அந்த இடம் வெள்ளையாகவும் இல்லாமல் கருப்பாகவும் இல்லாமல் சாம்பலாகிறது.

சராசரிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால், உதாரணமாக அடர் செங்கல் நிறமும் சற்றே வெளிறிய செங்கல் நிறமும் என்றால், அவை கலந்து அமைதியான ஒரு செங்கல் நிறப் பரப்பாகிவிடும். நுணுக்கம் போனதே தெரியாது. மாறாகக் கருப்பும் வெள்ளையும் நெருக்கமாக மாறி மாறி வந்தால் அந்த இடம் அழுக்குச் சாம்பலாகவோ மினுமினுக்கும் புள்ளிக் குப்பையாகவோ மாறும்.

இதற்கு விதிவிலக்குப் போலத் தோன்றும் ஓர் அட்டை உண்டு. ஜாய் டிவிஷன் குழுவின் ‘அன்நோன் பிளெஷர்ஸ்’ (1979). கருப்பில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் மலைத்தொடர்போல் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். சிபி 1919 என்ற துடிப்பு விண்மீனின் வானொலித் துடிப்புகளைக் காட்டும் வரைபடம் அது. 1970இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹெரால்ட் கிராஃப்ட் எழுதிய ஆய்வேட்டிலிருந்து வந்தது. மூலத்தில் வெள்ளைத் தாளில் கருப்புக் கோடுகள். வடிவமைப்பாளர் பீட்டர் சாவில் அதைத் தலைகீழாக்கிக் கருப்பில் வெள்ளையாக்கினார். சின்ன அளவில் கோடுகள் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன, தனித்தனியாக ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் அவை சேர்ந்து ஒரு வடிவத்தை விட்டுவைக்கின்றன. சுற்றிலும் அகலமான கருப்பு, நடுவில் ஒரு வெளிர் திட்டு. கோடுகள் அட்டை முழுவதும் பரவியிருந்தால் மொத்தமும் சாம்பலாகியிருக்கும். ஓரத்தில் விட்ட வெற்றிடம்தான் அதைக் காப்பாற்றியது.

இனி ஒரு தமிழ் பாட்காஸ்டை எடுத்துக்கொள்வோம். கற்பனைதான். பெயர் ‘கிணற்றடிக் கதைகள்’. இரண்டு பேர் ஊர்ப் பெரியவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்கிறார்கள். முதல் அட்டை எப்படி இருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. கிராமத்துக் கிணற்றின் புகைப்படம், வேப்பமரம், குடத்தோடு பெண்கள். மேலே கையெழுத்துப் பாணியில் தலைப்பு, கீழே ‘நம்ம ஊர், நம்ம பேச்சு’ என்று ஒரு வரி. இடது மூலையில் நடத்துபவர்களின் முகங்கள். வலது மூலையில் ஒரு மைக்.

மைக்கிலிருந்து தொடங்குவோம். பாட்காஸ்ட் செயலிக்குள் மைக் படம் போடுவது கடைப்பலகையில் ‘கடை’ என்று எழுதிவைப்பதற்குச் சமம். அங்கே வருகிறவர் பாட்காஸ்ட் கேட்கத்தான் வருகிறார். ஹெட்ஃபோன் படமும் அதே கணக்குத்தான். அவற்றை எடுத்துவிடலாம். அடுத்து அந்தக் கீழ்வரி. 3000 பிக்சல் படத்தில் அதன் எழுத்து 100 பிக்சல் உயரம் என்றால், செல்போனில் அது 0.3 மில்லிமீட்டர். நாளிதழின் பொடி எழுத்தைவிடப் பல மடங்கு சிறியது. படிக்கவும் முடியாது, ஒரு கறைக்கோடாக நின்று கண்ணை உறுத்தவும் செய்யும். கண்ணுக்கு எட்டும் எழுத்து என்றால் குறைந்தது ஒரு மில்லிமீட்டராவது உயரம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். 9 மில்லிமீட்டர் கட்டத்தில் அது ஒன்பதில் ஒரு பங்கு. 3000 பிக்சலில் 330க்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கு தலைப்பையும் விடாது. ‘கிணற்றடிக் கதைகள்’ முழுவதையும் ஒரே வரியில் அடக்கினால் எழுத்து சுருங்கிவிடும். இரண்டு வரியாக்கினால் படத்துக்கு இடம் இருக்காது. பட்டியலில் அட்டையின் பக்கத்திலேயே செயலி தலைப்பை அச்செழுத்தில் காட்டிவிடுவதால், அட்டை அதை முழுசாகத் திருப்பிச் சொல்லத் தேவையில்லை. ‘கிணற்றடி’ போதும். ‘கதைகள்’ என்பதை விட்டுவிடலாம். ஐந்தே எழுத்து என்பதால் அகலத்தில் முக்கால்வாசிக்கு மேல் பரப்பி, ஏறத்தாழ 400 பிக்சல் உயரத்துக்குக் கொண்டுவரலாம்.

தமிழ் எழுத்துக்கு இங்கே சில தனிச் சிக்கல்கள் உண்டு. ‘கிணற்றடி’யில் ற்-க்கு மேலே ஒரு புள்ளி. 400 பிக்சல் எழுத்தில் அந்தப் புள்ளி 70 பிக்சல் இருக்கலாம், சின்னதானால் நான்கு பிக்சல். இது தப்பிக்கும் அளவுதான். ஆனால் புள்ளிக்கும் எழுத்தின் தலைக்கும் இடையிலான சந்து 18 பிக்சலாக இருந்தால், சுருங்கியபின் அது ஒரே பிக்சல். புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரு கொம்பு முளைத்ததுபோல் தெரியும். எழுத்துருவில் உள்ளபடியே விடாமல் புள்ளியைத் தனியாகப் பிரித்து, கோட்டின் தடிமன் அளவுக்காவது மேலே தூக்கிவைக்க வேண்டும். ண-வின் சுழிகளும் அப்படித்தான். பளிச்சென்று தெரியட்டும் என்று மிகத் தடித்த எழுத்துருவை எடுத்தால் சுழிகளின் உள்வெளி அடைபட்டு ண ஒரு கட்டியாகிவிடும். நடுத்தரத் தடிமனும் அகன்ற சுழியும் உள்ள எழுத்துருதான் சின்ன அளவில் பிழைக்கிறது. தலைப்பு இரண்டு வரியானால் இன்னொரு தொல்லை சேரும். மேல்வரியின் ‘கு’, ‘டு’ போன்ற எழுத்துகளின் வாலும் கீழ்வரியின் ‘கி’, ‘தீ’ போன்றவற்றின் விசிறியும் நடுவில் மோதிக்கொள்ளும். ஆங்கிலத்துக்கென்று செய்த வார்ப்புருவில் தமிழை ஊற்றும்போது முதலில் இடிப்பது இந்த வரி இடைவெளிதான்.

படத்துக்கு வருவோம். புகைப்படம் வேண்டாம், வரைந்த கிணறு போதும். மேலிருந்து பார்த்தாற்போல் ஒரு வட்டம் போடலாம். மஞ்சள் தரை, செங்கல் நிறச் சுவர் வளையம், உள்ளே கருப்பாகத் தண்ணீர். திரையில் அழகாக இருக்கும். 9 மில்லிமீட்டரில் பார்த்தால் அச்சு அசலாக ஒரு கிராமஃபோன் ரெக்கார்டு! பாட்டுச் செயலியில் அதைவிடக் குழப்பமான உருவம் வேறு இல்லை. சின்னதாக்கிப் பார்க்காமல் இந்தக் கோளாறு தெரியவே தெரியாது. வட்டத்தைப் பெரிதாக்கி, கீழும் வலமும் சட்டத்துக்கு வெளியே வெட்டுப்படும்படி நகர்த்தினால் சரியாகிவிடும். அரைகுறை வட்டம் ரெக்கார்டாகத் தோன்றாது. பெரிய ஒன்றின் ஒரு பகுதியாகத் தோன்றும். மேல்பகுதியில் தலைப்புக்கு இடமும் கிடைத்துவிடும்.

இப்போதைக்கு அது ஒரு பள்ளம்தான். கிணறாக வேண்டுமானால் கயிறும் வாளியும் வேண்டும். தலைப்பின் கடைசி எழுத்து ‘டி’. ட-வின் அடிக்கோடு கிடைமட்டமாக, ஒரு குறுக்குச்சட்டம்போல் இருக்கிறது. கயிற்றை அதிலிருந்தே தொங்கவிடலாம். எழுத்தும் படமும் ஒன்றாகிவிடும், இடமும் மிச்சம். கயிற்றை வெள்ளையில் வரைந்தால் கருப்புத் தண்ணீரின்மேல் எடுப்பாக இருக்கிறது, மஞ்சள் தரையின்மேல் காணாமல் போகிறது. கண்ணுக்கு மஞ்சளும் வெள்ளையும் வெவ்வேறு நிறம்தான். ஆனால் வெளிச்ச அளவில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இணையதளங்களின் எழுத்துத் தெளிவை அளக்கப் பயன்படும் கணக்கின்படி சுத்த மஞ்சளுக்கும் வெள்ளைக்குமான விகிதம் 1.07. அதாவது வேறுபாடே இல்லை எனலாம். மஞ்சளுக்கும் கருப்புக்கும் அது 19க்கு மேல். நமக்குப் பழக்கமான நீலத்தில் சிவப்பு எழுத்து 2-ஐ ஒட்டியே நிற்கிறது. எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும் என்பது வழக்கம். கணக்குப் போடத் தெரிய வேண்டியதில்லை. படத்தைக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் எது எதோடு கரைகிறது என்று உடனே தெரிந்துவிடும். நம் கயிற்றைத் தரையின்மேல் வரும்வரை கருப்பாகவும் தண்ணீர் தொடங்கும் இடத்திலிருந்து வெள்ளையாகவும் மாற்றினால் பிரச்சினை தீரும். தடிமன் 15 பிக்சலாக இருந்தால் கயிறு ஒரு பிக்சலுக்குள் அடங்கிச் செத்துவிடும். 90 ஆக்க வேண்டும். பெரிய படத்தில் அது கயிறு மாதிரி இல்லாமல் வடம் மாதிரி இருக்கிறதே என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். பிரி முறுக்கை நெருக்கமான நிறத்தில் வரைந்துவிட்டால் அது நல்ல தேங்காய்நார் வடமாகவே நிற்கும்.

நடத்துபவர்களின் முகங்கள் பாக்கி. தங்கள் முகம் அட்டையில் வர வேண்டும் என்று ஆசைப்படுவதில் தப்பில்லை. ஒரே ஒரு முகம், அதுவும் ஊரறிந்த முகம் என்றால் கட்டம் நிறையப் போட்டால் அதுவே நல்ல அட்டையாகும். அதிகம் அறியப்படாத இரண்டு முகங்கள் மூலையில் ஒண்டியிருந்தால் யாருக்கும் பயனில்லை. நம் அட்டையில் அவற்றுக்கு வேறோர் இடம் இருக்கிறது. கிணற்றை எட்டிப் பார்ப்பவர்களின் நிழல் தண்ணீரில் தெரியும் அல்லவா? கருப்புத் தண்ணீரில், கருப்பைவிடச் சற்றே வெளிறிய நிறத்தில் இரண்டு முகங்கள். செல்போன் பட்டியலில் அவை கருப்போடு கலந்துவிடும், கிணறு கெடாது. பாட்டைத் தட்டி முழுத்திரையில் திறந்தால் மெல்லத் தெரியும். டிவியில் நன்றாகவே தெரியும். சுவரின் செங்கல் இணைப்புகள், பாசி, உள்விளிம்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு தவளை எல்லாம் இந்த இரண்டாம் அடுக்கில்தான் வர வேண்டும். பெரிய சதுரத்தில் பார்ப்பவருக்கு நின்று பார்க்க ஏதாவது வேண்டும், அதற்குத்தான் இவை.

இந்த உத்திக்கும் எல்லை உண்டு. நாம் ஏற்றும் படத்தைத் தளங்கள் தங்கள் வசதிக்கு மறுபடி அமுக்கிச் சேமிக்கின்றன. ஜேபெக் முறை இருண்ட நிறங்களின் நுண்ணிய ஏற்ற இறக்கங்களைத்தான் முதலில் கைவிடும். முகங்கள் மிக மெலிதாக இருந்தால் பெரிய திரையில் சதுரம் சதுரமாகத் திட்டுகள் தெரியும். அப்படித் தெரிந்தால் முகங்களைக் கொஞ்சம் வெளிறவைக்க வேண்டும். எவ்வளவு என்பதை டிவியில் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். சுத்தச் சிவப்பில் மெல்லிய கோடுகளும் இதே முறையில் விளிம்பு கசியும், ஏனென்றால் ஜேபெக் பெரும்பாலும் வெளிச்சத்தைவிட நிறத்தைப் பாதித் துல்லியத்தில்தான் சேமிக்கிறது. நம் சுவர் வளையம் அகலமானது, அதனால் கவலையில்லை.

ஓரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. செயலிகள் கட்டத்தின் மூலைகளை வளைத்து வெட்டுகின்றன. சில இடங்களில் மேலே ஒரு பட்டனோ, எவ்வளவு கேட்டோம் என்று காட்டும் கோடோ ஏறி உட்கார்ந்துகொள்கிறது. முக்கியமான எதையும் நான்கு புறமும் 150 பிக்சலுக்குள் வைக்காமல் இருப்பது நல்லது. வெள்ளைப் பின்னணி அட்டை வெள்ளைத் திரையில் விளிம்பின்றிக் கரைந்துவிடும், கருப்பு அட்டை இருள் திரையில் கரைந்துவிடும். பிங்க் ஃபிளாய்டுக்கும் இதே கதிதான், ஆனால் முக்கோணம் தனித்து நின்று சமாளிக்கிறது. நம்முடைய மஞ்சள், இருள் திரையில் நன்றாக எடுபடும். வெள்ளைத் திரையில் அது தப்ப வேண்டுமானால் எலுமிச்சை மஞ்சளாக இல்லாமல் மஞ்சள்தூள் நிறத்துக்கு இறங்க வேண்டும்.

சோதிப்பதிலும் ஒரு பொதுவான தவறு நடக்கிறது. கணினியில் படத்தைச் சின்னதாக்கிப் பார்த்து, ‘தெரிகிறதே’ என்று விட்டுவிடுகிறார்கள். சாதாரண கணினித் திரையில் 56 பிக்சல் கட்டம் 15 மில்லிமீட்டர் இருக்கும். செல்போனில் வருவதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். அதைவிட நம்பகமான வழி, செல்போனில் பாட்காஸ்ட் செயலியைத் திறந்து, நம் அட்டை போட்டியிடப்போகும் பிரிவின் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுப்பது. அந்தப் படத்தில் ஏதாவது ஓர் அட்டையின்மேல் நம்முடையதை அதே அளவில் ஒட்டி, திரும்பச் செல்போனுக்கு அனுப்பி முழுத்திரையில் பார்க்க வேண்டும். அட்டையை வரைந்தவர் பார்த்தால் பயனில்லை. அவருக்கு எல்லாமே தெரியும். அதுவரை பார்க்காத ஒருவரிடம் இரண்டு நொடி காட்டிவிட்டுத் திரையை அணைத்து, ‘என்ன பார்த்தீங்க?’ என்று கேட்க வேண்டும். ‘மஞ்சளா ஏதோ, கிணறு மாதிரி’ என்று வந்தால் போதும். ‘ஏதோ டோனட் மாதிரி’ என்று வந்தால் வட்டத்தை இன்னும் வெட்ட வேண்டும். அக்கம்பக்கத்து அட்டைகள் எல்லாமே மஞ்சளாக இருப்பதும் இந்தப் பட்டியலில்தான் தெரியவரும்.

தமிழ்த் திரையிசைக்கு இந்த அக்கறை பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. செங்குத்தான சினிமா போஸ்டரைச் சதுரமாக வெட்டி ஏற்றிவிடுகிறார்கள். தயாரிப்பாளர் முதல் ஸ்டில்ஸ் வரை எல்லாப் பெயரும் அடியில் எறும்பு வரிசையாக இருக்கும். நாயகனின் முகம் தெரிந்தால் போதும், பாட்டு ஓடிவிடும். தனியிசைக் கலைஞர்கள் அதையே பார்த்துச் செய்யும்போதுதான் அடி வாங்குகிறார்கள், ஏனென்றால் அந்த முகம் இன்னும் ஊருக்குத் தெரியாது.

கடைசியாக, அட்டையை மாற்றும் நாள் வந்தால் கவனிக்க வேண்டியவை இரண்டு. புதிய படத்தைப் பழைய கோப்புப் பெயரிலேயே ஏற்றினால் பல செயலிகள் ஏற்கெனவே சேமித்துவைத்த பழைய படத்தையே காட்டிக்கொண்டிருக்கும். `cover.jpg` என்பதை `cover-2.jpg` என்று மாற்றி, ஊட்டத்தில் அந்த முகவரியைக் கொடுக்க வேண்டும். இரண்டாவது, பழைய நேயர்கள் பட்டியலில் நம்மைத் தேடுவது பெயரைப் படித்து அல்ல, நிறத்தைப் பார்த்து. கிணற்றை எப்படி வேண்டுமானாலும் திருத்தி வரையலாம், வாளியைத் தூக்கிவிட்டுக் கப்பியைக்கூட வைக்கலாம். மஞ்சளில் மட்டும் கைவைக்கக் கூடாது.